இரண்டாவது ஊற்று வந்தால் விலை எவ்வளவு இறங்கும்?

ஒரே சந்தையில் பத்துப் பேர் விற்றால் விலை குறையும் என்று எல்லோரும் சொல்வோம். எவ்வளவு குறையும், ஏன் குறையும் என்று கேட்டால் தடுமாறுவோம். அதற்குக் கணக்கோடு பதில் சொன்னவர் ஆந்த்வான் ஒகுஸ்தேன் கூர்னோ என்ற பிரெஞ்சுக்காரர். 1838இல் வெளிவந்த அவருடைய நூலைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இரண்டு தாதுநீர் ஊற்றுகள். இரண்டிலும் ஒரே தரமான நீர். உரிமையாளர்கள் மட்டும் வேறு வேறு. அவர்கள் விலை வைப்பதில்லை. இவ்வளவு நீரைச் சந்தைக்கு அனுப்புவது என்று மட்டும் அவரவர் முடிவு செய்கிறார்கள். வந்த நீர் முழுதும் விற்றுத் தீருகிற விலையே சந்தை விலை.

கூர்னோ செலவே இல்லாத நீரை வைத்துத் தொடங்கினார். நாம் கொஞ்சம் செலவு சேர்த்து, ரூபாயிலேயே பார்ப்போம். ஒரு நாளில் சந்தைக்கு வரும் புட்டிகளை 100இலிருந்து கழித்தால் வருவது விலை. 45 புட்டி வந்தால் 55 ரூபாய், 60 வந்தால் 40 ரூபாய். ஒரு புட்டியை நிரப்பி அனுப்ப 10 ரூபாய் ஆகிறது. போட்டி முற்றிப்போனால் விலை இந்தப் பத்தைத்தான் தொடும். அதுவே போட்டி விலை.

ஊற்று ஒன்றே ஒன்று என்றால் உரிமையாளர் 45 புட்டியோடு நிறுத்திக்கொள்வார். 46ஆவது புட்டியை அனுப்பினால் விலை 54 ஆகும், செலவு போக அதில் 44 ரூபாய் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே விற்கும் 45 புட்டியிலும் ஆளுக்கொரு ரூபாய் போய்விடும். வரவு 44, இழப்பு 45. அனுப்ப மாட்டார்.

இப்போது இரண்டாவது ஊற்று வருகிறது. பழைய 45ஐயே ஒருவர் 22, மற்றவர் 23 என்று பங்கு போட்டுக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 22 அனுப்புகிறவர் ஒரு புட்டி கூட்டினால் அவருக்கு வரவு அதே 44. இழப்போ தன்னுடைய 22 புட்டிக்கு 22 ரூபாய்தான். மீதி 23 ரூபாய் அடுத்தவர் தலையில் விழுகிறது. அதனால் கூட்டுகிறார். அடுத்தவருக்கும் இதே கணக்கு, அவரும் கூட்டுகிறார். ஆளுக்கு 30 புட்டி ஆகும்போதுதான் இருவரும் நிற்கிறார்கள். விலை 40. இன்னொரு புட்டி அனுப்பினால் வரவு 29, இழப்பு 30. யாருக்கும் தன் அளவை மாற்ற மனம் வராத இந்த நிலையின் விலையே சமநிலை விலை.

விலை இறங்குவதன் ரகசியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. விற்பவர்கள் பெருகப் பெருக ஒவ்வொருவர் கையிலும் உள்ள சரக்கு சிறுத்துப்போகிறது. தான் விலையை இறக்குவதால் தனக்கு வரும் அடியும் சிறுக்கிறது. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 15 புட்டி, விலை 25. ஒன்பது பேர் என்றால் ஆளுக்கு 9, விலை 19. 89 பேர் என்றால் ஆளுக்கு ஒரே ஒரு புட்டி, விலை 11. விற்பவர் எண்ணிக்கையை n என்று வைத்தால் கணக்கு இவ்வளவுதான்:

விலை = 10 + 90 ÷ (n + 1)

இறங்கும் வேகத்தையும் கவனியுங்கள். இரண்டாமவர் வந்ததும் விலை 15 ரூபாய் இறங்குகிறது, மூன்றாமவர் வந்ததும் ஏழரை ரூபாய். பத்தாமவரால் இறங்குவது 82 பைசா.

1883இல் பெர்ட்ரான் என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர் இதை மறுத்தார். வியாபாரிகள் விலையைத்தானே வைக்கிறார்கள், இருவர் இருந்தாலே மாறி மாறிக் குறைத்துச் செலவு விலைக்கு வந்துவிடுவார்களே என்றார். சரக்குக்குத் தட்டுப்பாடே இல்லை என்றால் அவர் சொன்னது சரி. ஆனால் இவ்வளவுதான் உற்பத்தி செய்ய முடியும் என்று ஆலையின் அளவு முன்பே தீர்மானமாகிவிடும் தொழில்களில் விலை கூர்னோ சொன்ன இடத்துக்கே வரக்கூடும் என்று கிரெப்ஸ், ஷைன்க்மன் ஆகிய இருவர் 1983இல் காட்டினார்கள்.

கூர்னோ கணக்குக்கு உண்மையான எல்லை வேறொன்று. குழாய், கொட்டகை, கடன் வட்டி என்று ஒவ்வோர் ஊற்றுக்கும் நாளுக்கு 200 ரூபாய் நிலையான செலவு இருக்கட்டும். ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 225 ரூபாய் மிஞ்சும், தாக்குப்பிடிக்கலாம். ஆறாவது ஆள் வந்தால் ஆளுக்குச் சுமார் 165தான், எல்லோருக்கும் நஷ்டம். எனவே ஆறாமவர் வரமாட்டார். விலை 25இல் நின்றுவிடும், 10க்கு வராது. விலை செலவைவிட அதிகம் என்பதற்காகவே கூட்டுச்சதி என்று முடிவுகட்டக் கூடாது என்பது இதனால்தான். விற்பவர் பலர் இருந்தும் விலை 55ஐ ஒட்டியே நின்று, புதியவர் எவரும் நுழைய முடியாமல் இருந்தால் அப்போது சந்தேகப்படலாம்.

நிறுவன இணைப்புகளை எடைபோடவும் இந்தக் கணக்கு உதவும். செலவில் மாற்றமில்லாமல் இருபது பேர் பத்தொன்பது ஆனால் விலை 21 பைசா ஏறும். மூவர் இருவரானால் 32.50 ரூபாய் 40 ஆகிவிடும். இந்தியப் போட்டி ஆணையம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது வகை இணைப்பைத்தான்.