பால் டொபி நாவில் நெருடுகிறதா?

பெருநாளைக்குக் கிண்டிய பால் டொபி மணலாய் நெருடினால், பெரும்பாலும் கரையாமல் மீந்த சீனிதான் காரணம். ஒரு சிறு மணி மீந்தாலும், அதைச் சுற்றி மற்றச் சீனியும் மணிமணியாய்க் கட்டிக்கொள்ளும்.

ஆகவே 500 கிராம் சீனியை முக்கால் கோப்பை தண்ணீரில், சிறு தீயில் முழுதும் கரைத்த பிறகே கொதிக்க விடுங்கள். சட்டியின் ஓரத்தில் ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு ஒரு டின்பாலும் 50 கிராம் பட்டரும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிண்டுங்கள்.

மடுல்சீமை போன்ற மலைத் தோட்டங்களில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். புத்தகத்தில் உள்ள வெப்ப அளவு வரும்வரை காய்ச்சினால் டொபி கல்லாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். விரலில் மெத்தென்று உருண்டையாய் வந்தால் இறக்கிவிடுங்கள்.

சூட்டோடு கிளறினால் பெரிய மணிகள் உண்டாகும். சட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை அசைக்காமல் வையுங்கள். பின்னர் மரக்கரண்டியால் அடித்து, பளபளப்பு மங்கியதும், பட்டர் பூசிய தட்டில் ஊற்றுங்கள்.

அப்படியும் நெருடினால் வீசிவிடாதீர்கள். கால் கோப்பை தண்ணீர் விட்டு, சிறு தீயில் முழுதும் கரைத்து, மீண்டும் அதே பதத்துக்குக் காய்ச்சி, ஆறவைத்து அடியுங்கள்.