நான்கு அம்புகள், மூன்று சமன்பாடுகள்

பொறியியல் முதலாண்டில் நிலையியல் பாடம் தொடக்கத்தில் யாரையும் பயமுறுத்துவதில்லை. ஓர் உத்திரம், அதன் இரு முனைகளிலும் தாங்கிகள், நடுவில் ஒரு சுமை. ஒவ்வொரு தாங்கியும் எவ்வளவு தாங்குகிறது என்று கேட்டால் பாதி வகுப்பு மனக்கணக்காகவே சொல்லிவிடும். பிறகு ஒரு நாள் கரும்பலகையில் மூன்று தாங்கிகளோடு ஒரு நீண்ட உத்திரம் வரும். அதன் நடுவே எங்கோ ஒரு சிறிய வட்டம் இருக்கும். அந்த வட்டம் ஒரு கீல். வினாவைப் பார்த்ததும் பலர் கையில் கிடைத்த சமன்பாடுகளை எல்லாம் எழுதத் தொடங்குவார்கள். பக்கம் நிறையும், விடை வராது. சுற்றிச் சுற்றி 0 = 0 என்று வந்து நிற்பதும் உண்டு.

அந்த வினாவையே எடுத்துக்கொள்வோம். உத்திரத்தின் நீளம் 12 மீட்டர். இடது முனை ஏ. அங்கே ஊசித் தாங்கி. அங்கிருந்து 6 மீட்டரில் பி; அங்கே உருளைத் தாங்கி. 8-ஆவது மீட்டரில், சி என்ற இடத்தில், கீல். வலது முனை டி-யில் இன்னொரு உருளைத் தாங்கி. ஏ-க்கும் பி-க்கும் நட்டநடுவே 40 கிலோநியூட்டன் சுமை, அதாவது ஏறத்தாழ 4 டன் எடை. சி-க்கும் டி-க்கும் நட்டநடுவே 30 கிலோநியூட்டன். உத்திரத்தின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் முதல் வேலை, தனித்த பொருளின் விசைப்படம் வரைவது. வகுப்பில் இதை ‘ஃப்ரீ பாடி டயகிராம்’ என்றே சொல்வார்கள். பெயர்தான் பெரிது, செய்ய வேண்டியது எளிது. பொருளை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் பிரித்தெடுத்துத் தனியாக வரைய வேண்டும். எதை அகற்றினோமோ, அது அந்தப் பொருளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த விசையை அதே இடத்தில் ஓர் அம்பாகப் போட வேண்டும். உருளைத் தாங்கி உத்திரத்தைப் பக்கவாட்டில் நகர விடும், கீழே போக விடாது. ஆகவே அதன் இடத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. ஊசித் தாங்கி கீழேயும் விடாது, பக்கவாட்டிலும் விடாது. ஆகவே இரண்டு அம்புகள். ஆனால் அது உத்திரத்தைச் சுழல விடும் என்பதால் அங்கே திருப்புத்திறன் எதையும் வரையக் கூடாது. எந்த அசைவைத் தாங்கி தடுக்கிறதோ, அந்த அசைவுக்கு மட்டும் ஓர் அம்பு. இந்த ஒரு விதி கைக்கு வந்துவிட்டால் தாங்கிகளின் அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

முழு உத்திரத்துக்கும் இப்படி வரைந்து பார்த்தால் அம்புகள் கண்முன் நிற்கும். ஏ-யில் இரண்டு, பி-யில் ஒன்று, டி-யில் ஒன்று. தெரியாதவை நான்கு. ஒரு தளத்தில் அசையாமல் நிற்கும் பொருளுக்குக் கிடைக்கும் சமநிலைச் சமன்பாடுகளோ மூன்றே மூன்று: கிடைமட்ட விசைகளின் கூட்டுத்தொகை சுழி, செங்குத்து விசைகளின் கூட்டுத்தொகை சுழி, ஏதேனும் ஒரு புள்ளியைப் பற்றிய திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை சுழி. திருப்புத்திறன் சமன்பாட்டை ஏ-யைப் பற்றி ஒரு முறை, பி-யைப் பற்றி ஒரு முறை, டி-யைப் பற்றி ஒரு முறை என்று எழுதிக்கொண்டே போகலாம்தான். ஆனால் மூன்றுக்கு மேல் எழுதுவதெல்லாம் பழைய செய்தியை வேறு வடிவில் சொல்வதே. பக்கம் பக்கமாக எழுதியும் 0 = 0 வருவது இதனால்தான். கணக்குப் போடுவதற்கு முன்பே படம் இதைச் சொல்லிவிடுகிறது.

சரி, உத்திரத்தை வெட்டலாமா? வெட்டலாம், ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணமான ஓர் இடத்தில் வெட்டினால் இரு துண்டுகளும் ஒன்றுக்கொன்று மூன்று வகையில் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருந்தவை: நெடுக்காக ஒரு விசை, குறுக்காக ஒரு விசை, வளைவைத் தாங்கும் ஒரு திருப்புத்திறன். துண்டுகள் இரண்டு ஆனதால் கூடுதலாக மூன்று சமன்பாடுகள் வரும்; தெரியாதவையும் மூன்று கூடும். வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விடும்.

கீலில் வெட்டினால் கதை வேறு. கதவுக் கீல் கதவைத் தாங்கும், ஆனால் திறப்பதைத் தடுக்காது. அதைப் போலவே இந்தக் கீலும் விசையைக் கடத்தும், திருப்புத்திறனைக் கடத்தாது. இங்கே வெட்டினால் தெரியாதவை இரண்டுதான் கூடும். சமன்பாடுகளோ மூன்று கூடும். மொத்தம் ஆறு தெரியாதவை, ஆறு சமன்பாடுகள். கணக்குக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு சமன்பாடு கீலுக்குள்தான் இருந்தது. முழுப் படத்தில் அது தெரியாது. ஏனென்றால் முழு உத்திரத்தையும் ஒரே பொருளாகப் பார்க்கும்போது கீலில் உள்ள விசைகள் உள்விசைகள். அவை அந்தப் படத்தில் இடம்பெறவே கூடாது.

இனி எந்தத் துண்டை முதலில் எடுப்பது? தெரியாதவை குறைவாக உள்ளதை. இடது துண்டில் ஏ-யின் இரண்டு அம்புகள், பி-யின் ஒன்று, கீலின் இரண்டு, ஆக ஐந்து. வலது துண்டில் கீலின் இரண்டும் டி-யின் ஒன்றும் மட்டும், ஆக மூன்று. எனவே வலது துண்டு.

அதன் நீளம் 4 மீட்டர். கீல் உள்ள சி-யைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் கீலின் இரண்டு விசைகளும் கணக்கிலிருந்து விலகிவிடும். அவை அந்தப் புள்ளி வழியாகவே செல்வதால் அவற்றுக்கு நெம்பும் தூரம் இல்லை. மிஞ்சுவது டி மட்டும். டி × 4 = 30 × 2. எனவே டி = 15 கிலோநியூட்டன். செங்குத்துச் சமநிலைப்படி மீதி 15-ஐக் கீல் மேல்நோக்கித் தருகிறது. கிடைமட்டமாகத் தள்ள யாரும் இல்லாததால் கீலின் கிடைமட்ட விசை சுழி.

அடுத்த துண்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கீல் வலது துண்டை 15 கிலோநியூட்டன் மேலே தூக்குகிறது என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அது இடது துண்டை அதே அளவு கீழே அழுத்துகிறது. அம்பைத் திருப்பாமல் அப்படியே நகலெடுத்தால் பின்னால் வரும் எல்லாமே பிழையாகும். இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வரைந்து, சி-யில் உள்ள இரு அம்புகளும் எதிரெதிராக இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது.

இப்போது இடது துண்டில் ஏ-யைப் பற்றித் திருப்புத்திறன் எடுக்கலாம். 40 கிலோநியூட்டன் சுமை 3 மீட்டரில், கீலின் 15 கிலோநியூட்டன் 8 மீட்டரில், பி-யின் தாங்கல் 6 மீட்டரில். பி × 6 = 40 × 3 + 15 × 8 = 240. எனவே பி = 40. செங்குத்துக் கணக்கில் ஏ = 40 + 15 − 40 = 15. கிடைமட்டத்தில் ஏ சுழி.

விடை சரிதானா என்று பார்க்க, முதலில் கைவிட்ட முழுப் படம் இப்போது உதவும். 15, 40, 15 மூன்றையும் கூட்டினால் 70; சுமைகளும் 70. டி-யைப் பற்றித் திருப்புத்திறன்: தாங்கிகளுக்கு 15 × 12 + 40 × 6 = 420. சுமைகளுக்கு 40 × 9 + 30 × 2 = 420. தனித்தனித் துண்டுகளில் செய்த பிழை பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

இதே உத்திரத்திலிருந்து 40 கிலோநியூட்டன் சுமையை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வலது துண்டில் எதுவும் மாறாது. இடது துண்டில் பி × 6 = 15 × 8, ஆகவே பி = 20. ஏ = 15 − 20 = −5. கழித்தல் குறியைப் பார்த்ததும் பதறி, திரும்பவும் முதலிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. ஏ-யின் அம்பை மேல்நோக்கி இருக்கும் என்று ஊகித்து வரைந்தோம். உண்மையில் அது கீழ்நோக்கி இருக்கிறது. அதாவது பி-யைத் தாண்டி நீண்டிருக்கும் பகுதி கீழே அழுத்தப்பட, ஏ முனை மேலே எழும்பப் பார்க்கிறது. தாங்கி அதைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஊசித் தாங்கி பிடித்துக்கொள்ளும். உத்திரம் ஒரு சுவரின் மேல் சும்மா வைக்கப்பட்டிருந்தால் முனை தூக்கிக்கொள்ளும். கழித்தல் குறி கணக்குப் பிழை அல்ல, கட்டுமானத்துக்கான எச்சரிக்கை.

இதை மனிதர்களை உட்கார வைத்தே காட்டியவர் பெஞ்சமின் பேக்கர். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தை ஜான் ஃபௌலருடன் சேர்ந்து வடிவமைத்தவர். 1887-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றியபோது அவர் காட்டிய ஒரு புகைப்படம் இன்றும் பாடநூல்களில் வருகிறது. இரண்டு பேர் நாற்காலிகளில் அமர்ந்து இரு கைகளையும் விரித்திருக்கிறார்கள். கைகளிலிருந்து நாற்காலிவரை சாய்வாகக் கழிகள். உட்பக்கக் கைகளுக்கு நடுவே ஒரு பலகையில் அமர்ந்திருப்பவர் கைச்சி வத்தனாபே என்ற ஜப்பானியப் பொறியாளர். வெளிப்பக்கக் கைகளோடு செங்கல் குவியல்கள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. செங்கல்லை எடுத்துவிட்டால் வத்தனாபேயின் எடை இருவரையும் உள்நோக்கிச் சாய்த்துவிடும். அந்தச் செங்கற்கள்தான் நம் கணக்கில் வந்த −5. 1890-இல் திறக்கப்பட்ட பாலத்தில், 521 மீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு பெரிய இடைவெளியிலும், இருபுறமிருந்து நீளும் கைகளுக்கு நடுவே ஏறத்தாழ 107 மீட்டர் நீளத்தில் ஒரு தனிப் பாலத்துண்டு தாங்கப்பட்டிருக்கிறது. பாலத்தின் கடைசி முனைகள் எழும்பாமலிருக்க அங்கே எடையும் ஏற்றப்பட்டிருக்கிறது.

வேண்டுமென்றே உத்திரத்தில் கீல் வைக்கும் வழக்கத்துக்கு ஜெர்மனியின் ஹைன்ரிக் கெர்பர் 1866-இல் காப்புரிமை பெற்றார். அதனால்தான் இவ்வகை உத்திரங்களைக் கெர்பர் உத்திரம் என்கிறார்கள். வினாத்தாளுக்காக உண்டான தந்திரம் அல்ல இது. ஆற்றுப்படுகையில் ஒரு தூண் சற்றே அமிழ்ந்தாலும் கீல் கொஞ்சம் திரும்பிக் கொடுத்துவிடும். தாங்கிகளின் பங்கு மாறாது.

கீலை இறுக்கி, உத்திரத்தை ஒரே துண்டாக ஆக்கினால் விசைப்படத்தின் எல்லை வந்துவிடும். அப்போதும் அம்புகளைச் சரியாக வரையலாம். தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் மூன்று. எங்கே வெட்டினாலும் பயன் இல்லை. உத்திரம் எவ்வளவு வளைகிறது என்ற கணக்கும் தேவைப்படும். இரு சுமைகளும் இருக்க, உத்திரம் முழுக்க ஒரே குறுக்குவெட்டும் ஒரே பொருளும் என்று கொண்டு அந்தக் கணக்கைப் போட்டால் ஏ-க்கும் டி-க்கும் ஏறத்தாழ 14, பி-க்கு ஏறத்தாழ 42 கிலோநியூட்டன் வருகிறது. இந்த எண்கள் தூண்கள் அசையாமல் இருக்கும்வரைதான். பி-யின் தூண் சில மில்லிமீட்டர் அமிழ்ந்தால் அதன் பங்கு குறைந்து, ஏ-யும் டி-யும் கூடுதலாகச் சுமக்கும். எவ்வளவு கூடுதலாக என்பது உத்திரத்தின் விறைப்பைப் பொறுத்தது.