அம்மாவுக்கு ஆரம்பநிலை அல்சைமர்: பிள்ளைகளுக்கு ஒரு டாக்டர் எழுதின கடிதம்

வீட்டுல பெரியவங்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதிநோய், ஆரம்பக் கட்டத்துல இருக்குன்னு உறுதியாச்சுன்னா, நான் பிள்ளைங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடுவேன். ரூம்ல உக்காந்து கேக்கறப்ப அதிர்ச்சியில பாதி காதுல ஏறாது. மூணு பிள்ளைங்க இருந்தா ஒருத்தர்தான் வந்திருப்பார். அவர் போன்ல மத்தவங்களுக்குச் சொல்றதுக்குள்ள அது வேற கதை ஆயிடும்.

அப்படி எழுதின ஒரு கடிதத்தைத்தான் இன்னைக்குப் படிக்கப் போறேன். அடையாளம் எல்லாம் மாத்தியாச்சு. அம்மாவுக்கு 71 வயசு, ரிட்டயர்டு டீச்சர். பெரிய மகன் வீட்டுல தஞ்சாவூர்ல இருக்காங்க. மகள் கோயமுத்தூர்ல, சின்ன மகன் துபாய்ல. "வயசானா மறக்கத்தானே செய்யும்"னு ஒருத்தர், "அம்மா நடிக்கறாங்க"ன்னு ஒருத்தர், "எங்கிட்ட நல்லாத்தானே பேசறாங்க"ன்னு ஒருத்தர். இந்த மூணு பேருக்கும் சேர்த்துத்தான் கடிதம்.

(கடிதம் திரையில்)

"உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர் நோய். ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது. இது வயோதிக மறதி இல்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அம்மாவிடம் ஐந்து வார்த்தைகள் சொன்னேன்: மல்லிகை, ரயில், கோயில், தேங்காய், நீலம். உடனே ஐந்தையும் அழகாகத் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடி கேட்டேன். ஒன்றும் வரவில்லை. 'ஒண்ணு பூவோட பேரு' என்று எடுத்துக் கொடுத்தேன். 'ரோஜாவா?' என்றார். 'கோயிலா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா?' என்றேன். 'நீங்க எங்கிட்ட எந்த வார்த்தையும் சொல்லலையே டாக்டர்' என்றார்."

இங்க கொஞ்சம் நிறுத்தறேன். நமக்கெல்லாம் மறக்கும். ஆனா யாராவது அடி எடுத்துக் குடுத்தா 'ஆமா, மல்லிகை'ன்னு வந்துடும். மனச்சோர்வு இருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். பொருள் பெட்டிக்குள்ள இருக்கு, தேடினா கிடைக்கும். இந்த அம்மாவுக்குப் பொருள் பெட்டிக்குள்ள போகவே இல்ல. மூளையில காதுப் பக்கமா உள்ள ஹிப்போகேம்பஸ்னு ஒரு சின்னப் பகுதி இருக்கு. புதுசா நடக்கறதைப் பதிய வைக்கறது அதோட வேலை. அல்சைமர் பெரும்பாலும் முதல்ல கை வைக்கறது அங்கதான். அம்மாவோட எம்.ஆர்.ஐ. ஸ்கேன்லயும் அந்த இடம் சுருங்கித் தெரிஞ்சுது. பழைய நினைவு ரொம்ப நாள் தங்கும். அதனாலதான் தன் கல்யாணத்துல யார் நாதஸ்வரம் வாசிச்சாங்கன்னு சொல்ற அம்மாவுக்குக் காலையில இட்லி சாப்பிட்டது தெரியல. இது நடிப்பு இல்ல.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதிக் கடிதம் தானாப் புரியும்.

"பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மூளையில் ரத்தக்கட்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும், சரிசெய்யவும் முடியும். அதனால் அவற்றை முதலில் பார்த்தோம். அம்மாவுக்கு அவை இல்லை.

இரட்டை வடச் சங்கிலியை மருமகள் எடுத்துவிட்டதாக அம்மா சொல்வது வீட்டில் பெரிய சண்டையாகியிருக்கிறது. நடந்தது இதுதான்: பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாவே எங்கோ வைக்கிறார். வைத்தது பதியவில்லை. தேடும்போது இல்லை. 'நான் எடுக்கவில்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்கிறார்கள்' என்று மனம் கணக்குப் போடுகிறது. யார் அதிகம் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர் மேல் பழி விழும். 'நீங்கதான் வெச்சீங்க' என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். 'வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்' என்று சொல்லுங்கள். அரிசி டப்பாவிலும் தலையணை உறைக்குள்ளும் பாருங்கள்."

சங்கிலி பூஜை அலமாரியில, விபூதி டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. மகளும் சின்ன மகனும் அண்ணிகிட்ட அதுக்கப்புறமாவது ஒரு வார்த்தை பேசினாங்களான்னு எனக்குத் தெரியாது. பேசியிருக்கணும்.

"துபாயில் இருக்கும் தம்பிக்கு: பத்து நிமிட வீடியோ காலில் அம்மா நன்றாகத்தான் பேசுவார். 'சாப்பிட்டியா, பிள்ளைங்க படிக்கறாங்களா' என்பதற்குப் புது நினைவு தேவையில்லை. 'நேத்து யாரும்மா வந்தாங்க?' என்று கேளுங்கள், தெரியும். ஆனால் அதை ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள். தினமும் பரீட்சை வைத்தால் அம்மா உங்களோடு பேசுவதையே நிறுத்திவிடுவார்.

டோனெபெசில் 5 மில்லிகிராம், இரவு படுக்கும் முன். ஒத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குப் பிறகு 10. இது நோயைக் குணமாக்காது, நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் நினைவும் அன்றாட வேலையும் தாக்குப்பிடிக்க உதவும். குமட்டல், பேதி, கெட்ட கனவு வரலாம், எனக்குச் சொல்லுங்கள். மயக்கமாக விழுந்தால் நாடித்துடிப்பு குறைந்திருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைத்து வாருங்கள்."

டோனெபெசில் மூளையில அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்தைக் கூட்டுது. சளிக்கு மெடிக்கல் ஷாப்ல நாமளே வாங்கிக் குடுக்கற குளோர்பெனிரமின் சேர்ந்த மாத்திரைகள் அதே ரசாயனத்தோட வேலையைத் தடுக்குது. சிறுநீர் அடக்க முடியலன்னு குடுக்கற ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்குக் குடுக்கற அமிட்ரிப்டிலின் இதுவும் அப்படித்தான். ஒரு கையால குடுத்து இன்னொரு கையால புடுங்கற மாதிரி. எழுதிக் குடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம், கேட்டுட்டு மாத்துங்க.

"அல்சைமர் மெதுவாக, பல வருடங்களில் வளரும். ஒரே ராத்திரியில் மோசமாகாது. நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று ஆளையே தெரியாமல் உளறினால், 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் உப்புச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்ந்த மாத்திரை, இப்படி ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் சரிசெய்யலாம். அன்றே கூட்டி வாருங்கள்.

கடைசியாக, சொத்து. நோய் வந்துவிட்டதால் மட்டும் அம்மாவின் கையெழுத்து செல்லாமல் போகாது. தனக்கு என்ன இருக்கிறது, யாருக்கு என்ன என்பது இன்று அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. உயில் எழுத விரும்பினால் இப்போதே எழுதட்டும், அவர் மனசுப்படி. புத்தித் தெளிவோடு இருக்கிறார் என்று நான் சான்று தருகிறேன்."

'பவர் எழுதி வாங்கிட்டோம், போதும்'னு பல பேர் இருக்காங்க. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் குடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துட்டா அந்தப் பவர் முடிஞ்சு போகுது. எப்ப அது தேவைப்படுமோ அப்ப அது கைகொடுக்காது. அப்புறம் கோர்ட்டுக்குப் போய் கார்டியன் நியமனம் வாங்கணும். ஒரு வக்கீலை இப்பவே பாத்துடுங்க.

'எங்களுக்கும் வருமா?'ன்னு மகள் கேட்டாங்க. எழுபது வயசுக்கு மேல வர்ற அல்சைமர் அப்படியே பரம்பரையா இறங்கறது இல்ல. மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

அம்மாகிட்ட நோயோட பேரைச் சொல்லலாமான்னு மூணு பேரும் கேட்டாங்க. ஏற்கெனவே சொல்லிட்டேன். அவங்களே கேட்டாங்க, "எனக்கு என்ன ஆகுது?"ன்னு. கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கறது சரியில்ல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, அடுத்த தடவை டாக்டரைப் பாக்கப் போறப்ப அவங்க சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும், சளிக்கு வாங்கினது உட்பட, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.