மண்புழு உரம்: முதல் பை விற்க எத்தனை நாள்?

மண்புழு உரத்தில் முதல் விற்பனைக்கு 3 மாதம் ஆகும் என்று கணக்கு வைப்பதே நல்லது. புதுச் சாணத்தைக் குவித்து, தண்ணீர் தெளித்து, கிளறி ஆறவிடவே 15, 20 நாள் போகும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது. சூட்டோடு புழுவை விட்டால் செத்துவிடும், அல்லது தொட்டியை விட்டே வெளியேறிவிடும். பிறகு 45 முதல் 60 நாளில் மேல்பரப்பு தேயிலைத்தூள் போலக் கருத்து, சாண வாடை போய் மண்வாசம் வரும். நான்கைந்து நாள் தண்ணீரை நிறுத்தினால் புழுக்கள் ஈரம் தேடி அடியில் இறங்கும். மேலே உள்ளதை வழித்து நிழலில் உலர்த்திச் சலிக்கலாம்.

விவசாயிகள் டன் கணக்கில் வாங்குவார்கள், ஆனால் விலையை அடித்துப் பேசுவார்கள். சொந்த மாடு இல்லாதவருக்கு அதில் மிச்சம் குறைவு. அவருக்கு மாடித்தோட்டக்காரர்கள் வாங்கும் சின்னப் பைகள்தான் கைகொடுக்கும். ஆடிப்பட்டத்துக்கு விற்க வேண்டுமென்றால், சித்திரையிலேயே சாணம் குவித்திருக்க வேண்டும்.