நோன்புப் பூவுக்கு இரண்டு நேரம்

சென்னையில் பூ மொத்த வியாபாரம் பாரிமுனைப் பக்கம் நடந்த காலத்தில், மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளுக்கு வாடிக்கைப் பூக்காரம்மா இருந்தார். அவர் தெருவுக்கு இரண்டு முறை வருவார். காலையில் கூடையில் இருப்பது சாமிக்கு உரிய அரளி, சாமந்தி, துளசி. மாலை நான்கு மணிக்கு வரும்போதுதான் மல்லி இருக்கும், அதுவும் மொட்டாக. தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து முழம் போடுவார். கணக்கு மாதக் கடைசியில். எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை இரட்டிப்பாக வேண்டும், எந்த வீட்டில் தீட்டு, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

1996இல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. இன்று வாடிக்கை சந்தாவாகிவிட்டது. முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குள் ஆப்பில் சொல்லிவிட்டால், மறுநாள் காலை ஆறு மணிக்குள் பூ வாசல் கதவில் தொங்கும். பண்டிகைக்குத் தனிப் பெட்டி: மாலை, மாவிலை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்பூரம். அட்டையில் ‘விடியலில் பறித்த புத்தம்புது மல்லி’ என்று எழுதியிருக்கும். அந்த வரியில்தான் சிக்கல்.

மல்லி மாலையில் மலரும் பூ. விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால் அன்று அந்தியில் விரிந்து இரவெல்லாம் மணக்கும். நிலக்கோட்டையில் வியாழன் விடியலில் பறித்த மொட்டு சந்தை ஏறி, வண்டி ஏறிச் சென்னைக்கு வர இரவாகிவிடும். அதைத் தொடுத்து வெள்ளி காலை ஆறு மணிக்குக் கொடுத்தால், பறித்து முழுதாக ஒரு நாள் ஆகியிருக்கும். வழியில் விரியாதிருக்கத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைப்பார்கள். ஐஸ் நேரே பட்ட மொட்டு பழுப்பாகும். குளிரிலேயே கிடந்த மொட்டில் மணம் குறையும். ‘விடியலில் பறித்த’ என்பது பொய்யில்லை. எந்த விடியல் என்பதைத்தான் சொல்லவில்லை.

வரலட்சுமி நோன்பை எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிக்கு முன்வரும் வெள்ளிக்கிழமை பூஜை. பல வீடுகளில் வியாழன் மாலையே கலசத்தில் முகம் வைத்து அம்மனை அழைத்துவிடுவார்கள். வெள்ளியன்று ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்குவதால் காலைப் பூஜையை அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். ஆக, பூ தேவைப்படுவது இரண்டு வேளை. வெள்ளி காலை ஒரே பெட்டி அனுப்புகிற சந்தா, வியாழன் மாலை அலங்காரத்துக்கு உதவாது.

விவரம் தெரிந்த கடைகள் இதைப் பிரித்தே அனுப்புகின்றன. வியாழன் மாலை வரவேண்டியவை மல்லிச் சரம், தாழம்பூ, மாவிலை, தேங்காய், நோன்புச் சரடு. வெள்ளி காலைக்குக் கலச மாலை, அர்ச்சனைக்கு உதிரிப்பூ, தாமரை, வெற்றிலை. தாமரையை மொட்டாகவே கேட்டு வாங்க வேண்டும். இதழை மடித்து அனுப்பினால் அழகாகத் தெரியும், ஆனால் மடித்த இடம் சீக்கிரமே கறுத்துவிடும். மாலையின் அளவையும் சொல்லிவிடுவது நல்லது. சுவர்ப்படத்துக்குக் கட்டும் மாலையைக் கலசத்துக்குப் போட்டால் அம்மன் முகமே மறைந்துபோகும்.

பெட்டி வந்ததும் பார்க்க வேண்டியது காம்பை. அன்றைய மல்லிக்குக் காம்பு பச்சையாக, மொட்டு இறுக்கமாக இருக்கும். வெண்மை மஞ்சளாகி, விளிம்பு பழுப்பேறியிருந்தால் நேற்றையது. சாமந்தியைத் தலைகீழாகத் தட்டினால் அடியிதழ் உதிரக்கூடாது. உள்ளே நீர்த்துளி கோத்த பிளாஸ்டிக் உறையில் பூவை வைத்திருக்கக் கூடாது, அழுகிவிடும். வாழையிலைப் பொதி அதற்கு மேல்.

விலையிலும் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் உண்டு. நோன்பு வாரத்தில் மல்லி விலை பல மடங்கு ஏறும். பூக்காரம்மா அதை வாசலிலேயே சொல்லிவிடுவார், பேரமும் நடக்கும். மாதக் கட்டணம் கட்டியவருக்கோ முழம் சத்தமில்லாமல் குறையும், அல்லது மல்லிக்குப் பதில் கதம்பம் வரும். பண்டிகை நாளுக்குத் தனி விலை, மாற்றுப் பூ எது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் கடையில் இந்தச் சண்டை வராது.

நல்ல அறிவிப்பு இப்படி இருக்கும்: “மல்லி மொட்டு: பக்கத்துத் தோட்டத்தில் வியாழன் விடியலில் பறித்தது, அன்று மாலை 4 முதல் 5-க்குள் வரும், இரவில் விரியும். கலச மாலை: வியாழன் இரவு கட்டியது, வெள்ளி காலை 5.30 முதல் 6.30-க்குள். 6.30-ஐத் தாண்டினால் பணம் திரும்ப.” இதில் ‘புத்தம்புது’ என்ற சொல்லே இல்லை. எப்போது பறித்தது, எப்போது கட்டியது, எப்போது வரும் என்ற மூன்றும் இருக்கின்றன. சந்தா எடுக்கும்முன் கடைக்காரரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். ‘ஃப்ரெஷ்தாங்க’ என்று மட்டும் பதில் வந்தால், மல்லியை மாலையில் தெருமுனையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.