ஐசி எண்ணை எங்கே தேடுவது?

மலேசியத் தேர்தலில் எந்த வரிசையில் போய் நிற்பது என்பதை வயதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. சாலுரான் 1 மூத்தவர்களுக்கு. எண் கூடக்கூட வயது குறையும். கடைசி சாலுரானில் முதன்முறை வாக்களிக்கும் பிள்ளைகள் நிற்பார்கள். பீடோங்குக்கும் சுங்கை பட்டாணிக்கும் அருகிலுள்ள சுங்கை லாலாங்கில் ஒரு வாக்களிப்பு மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 2,000 பெயர்கள், 4 சாலுரான்கள். இந்தச் சிறிய பட்டியலைக் கணினியில் எப்படி அடுக்குவது என்று யோசித்தால், மூன்று வழிகளின் குணமும் தெரிந்துவிடும்.

ஆளை அடையாளம் காட்டுவது 12 இலக்க ஐசி எண். முதல் ஆறும் பிறந்த தேதி: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம், கெடாவுக்கு 02. மீதி நான்கில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வரிசைப்படுத்தும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணை அப்படியே அடுக்கினால் 1952-இல் பிறந்த தாத்தாவின் 52-க்கு முன்னால் 2004-இல் பிறந்த பேரனின் 04 வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முன்னால் 19 அல்லது 20 சேர்த்துக்கொள்கிறோம். இனி எண் வரிசையும் வயது வரிசையும் ஒன்றுதான்.

முதல் வழி, வரிசைப்படுத்திய பட்டியல். நடுவில் உள்ள எண்ணைப் பார். தேடுவது அதைவிடச் சிறியதா, பெரியதா? ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மறுபாதியின் நடுவுக்குப் போ. 2,000 பெயர்களுக்கு அதிகபட்சம் 11 முறை பார்த்தால் போதும். 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் வாக்காளர்கள் ஏறக்குறைய 2 கோடியே 11 லட்சம் பேர். அவ்வளவு பெரிய பட்டியலுக்கும் 25 முறைதான்.

சாலுரான் பிரிப்பதிலும் இந்தப் பட்டியலை மிஞ்ச ஆளில்லை. மூத்த 500 பேர் யார்? முதல் 500 இடங்கள். மூன்றாம் சாலுரான் எங்கே தொடங்குகிறது? 1,001-ஆம் இடத்தில். தேடலே இல்லை, நேராகப் போய் எடுக்கலாம். சிக்கல் புதியவரைச் செருகும்போதுதான். 1968-இல் பிறந்த ஒருவர் சுங்கை பட்டாணியிலிருந்து இங்கே முகவரி மாற்றி வந்தால், அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரையும் ஓரிடம் தள்ள வேண்டும். 2,000 பேரில் அது பெரிய வேலையில்லை. 2 கோடியில், ஒவ்வொரு செருகலுக்கும் சராசரியாக ஒரு கோடி நகர்த்தல்.

இரண்டாவது வழியான ஹாஷ் அட்டவணைக்கு வரிசையைப் பற்றிய கவலையே கிடையாது. ஐசி எண்ணை ஒரு கணக்கில் போட்டால் ஒரு பெட்டி எண் வரும். பெயரை அந்தப் பெட்டியில் வைக்கிறோம். தேடும்போதும் அதே கணக்கு, அதே பெட்டி. 2,000 பேரானாலும் 2 கோடியானாலும் ஓரிரு எட்டில் வேலை முடியும். ஆனால் அந்தக் கணக்கு நல்ல கணக்காக இருக்க வேண்டும். ஐசியின் கடைசி நான்கு இலக்கத்தையே பெட்டி எண்ணாக எடுத்தால் நாடு முழுவதற்கும் 10,000 பெட்டிதான். ஒவ்வொன்றிலும் சராசரியாக 2,110 பேர் நெரிவார்கள். இதைவிடத் தந்திரமான பிழை ஒன்று உண்டு. பெண் வாக்காளர்களை மட்டும் வைத்து ஓர் அட்டவணை செய்து, ஐசி எண்ணை 4,000 ஆல் வகுத்த மீதியைப் பெட்டி எண்ணாக வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். பெண்களின் எண் எல்லாம் இரட்டைப்படை. இரட்டைப்படை எண்ணை 4,000 ஆல் வகுத்தால் மீதியும் இரட்டைப்படைதான். 2,000 பெட்டிகள் காலியாகவே கிடக்க, மற்ற 2,000-இல் கூட்டம் இரட்டிப்பாகும். 4,001 என்ற பகா எண்ணால் வகுத்தால் இந்தத் தொல்லை போய்விடும். 4,000 என்று வைத்தாலும் நிரல் பிழையின்றி ஓடும். விடையும் சரியாகவே வரும். வேகம் மட்டும் குறையும். எத்தனை பெட்டி காலி, மிக நெரிசலான பெட்டியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு வகைக் கேள்விக்கு ஹாஷ் கையை விரித்துவிடும். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் சட்டத்திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 18 வயதானவரைத் தானாகவே பட்டியலில் சேர்க்கும் முறையும் அதோடு வந்தது. அப்படிப் புதிதாக வந்த இளையவர்களைத் தேடி, ‘2000 ஜனவரிக்கும் 2003 டிசம்பருக்கும் இடையில் பிறந்தவர்கள் யார்?’ என்று கேட்டால், வரிசைப் பட்டியல் இரண்டு முனைகளைத் தேடி நடுவில் இருப்பதை வாசித்துவிடும். ஹாஷில் அடுத்தடுத்த நாளில் பிறந்தவர்கள் அட்டவணையின் எந்தெந்த மூலையிலோ இருப்பார்கள். ஒரு பெட்டி விடாமல் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, தேடல் மரம். ஒவ்வொரு முனையிலும் ஒரு ஐசி எண். அதைவிடச் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். தேடுவதற்கு வேரிலிருந்து இறங்க வேண்டும். செருகுவதற்கு இறங்கிய இடத்தில் ஒரு முனையை ஒட்டினால் போதும், யாரையும் தள்ள வேண்டாம். இடமிருந்து வலமாக நடந்தால் வயது வரிசையும் கிடைக்கும். இரண்டு வழிகளின் நல்ல குணமும் சேர்ந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் நம் பட்டியலின் இயல்பே இந்த மரத்துக்குப் பகை.

பிள்ளைகளுக்கு 18 வயதாவது பிறந்த வரிசையில்தான். 2004 டிசம்பர் 1-இல் பிறந்தவர் முதலில் வருவார். பிறகு 9-ஆம் தேதிக்காரர். பிறகு 15-ஆம் தேதிக்காரர். ஒவ்வொருவரும் முந்தியவரைவிடப் பெரிய எண். ஆகவே வலப்பக்கம், அதற்கும் வலப்பக்கம் என்று மரம் கிளையே விடாமல் ஒரு சங்கிலியாக நீண்டுகொண்டே போகும். 2,000 பேர் இப்படியே வந்தால் கடைசி ஆளைத் தேட 2,000 எட்டு. இதே வருகை வரிசை முதல் வழிக்கோ வரம். புதியவர் எப்போதும் இளையவர் என்பதால் பட்டியலின் கடைசியில் சேர்ந்துகொள்வார். ஒரு பெயரையும் நகர்த்த வேண்டாம். ஹாஷுக்கு யார் முன்னே யார் பின்னே என்பதில் அக்கறையில்லை. பாடநூல் அட்டவணைகள் ‘செருகல்: பட்டியல் மெது, மரம் வேகம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால் இந்த முரண் கண்ணில் படாமலே போகிறது.

சங்கிலியாவதைத் தடுக்கும் வழியை 1962-இல் சோவியத் ஒன்றியத்தின் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் வெளியிட்டார்கள். எந்த முனையிலும் இரு பக்க உயரங்களுக்கு இடையில் ஒன்றுக்கு மேல் வேறுபாடு வரக்கூடாது என்பதே விதி. மேலே சொன்ன மூவரில் மூன்றாமவர் வந்ததும் விதி மீறப்படும். உடனே 9-ஆம் தேதிக்காரரை மேலே தூக்கி, 1-ஆம் தேதிக்காரரை அவருக்கு இடப்பக்கம் இறக்கி, 15-ஆம் தேதிக்காரரை வலப்பக்கமே விட்டால் சமநிலை திரும்பும். மாறுவது சில சுட்டிகள் மட்டும். இந்த விதி காக்கப்பட்டால் 2 கோடிப் பேருக்கும் மரத்தின் உயரம் சுமார் 35-ஐத் தாண்டாது.

சாலுரான் பிரிக்க இதுவும் போதாது. 600-ஆவது மூத்தவர் யார் என்று மரத்திடம் கேட்டால், தன் கிளைகளில் எத்தனை பேர் என்றே அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முனையிலும் தனக்குக் கீழே உள்ளவர்களின் எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டும். வேரின் இடக்கிளையில் 1,040 பேர் என்றால், 600-ஆமவர் அங்கேதான். இறங்குகிறோம். அந்த முனையின் இடப்பக்கம் 500 பேர். முனையில் இருப்பவர் 501-ஆவது. எனவே அதன் வலக்கிளையில் 99-ஆவது ஆளைத் தேட வேண்டும். இதற்கு விலை உண்டு: ஒருவர் இறந்தாலோ இடம் மாறினாலோ வேரிலிருந்து அந்த இடம் வரை எல்லா எண்ணிக்கையையும் திருத்த வேண்டும்.

என்னைக் கேட்டால், சுங்கை லாலாங்கின் 2,000 பேருக்கு வரிசைப் பட்டியலே போதும். வாக்களிப்பு நாளில் பட்டியல் மாறுவதில்லை. இடையில் வரும் மாற்றங்களைத் தனியே சேர்த்து வைத்து, வரிசைப்படுத்தி, பழைய பட்டியலோடு ஒரே நடையில் பின்னிவிடலாம். ஐசி எண்ணைத் தட்டி ‘நான் எந்த சாலுரான்?’ என்று மட்டும் ஊரே கேட்கும் நாளுக்கு, பக்கத்தில் ஒரு ஹாஷ் அட்டவணையும் வைத்துக்கொள்ளலாம். நாடு முழுவதற்கும் நாள்தோறும் மாறும் பதிவு என்றால் மரம்தான் தேவை. அதுவும் வட்டில் இருக்கும் தரவுக்கு இருகிளை மரம் ஒத்துவராது. ஒவ்வொரு எட்டும் ஒரு வட்டு வாசிப்பாகிவிடும். போயிங் நிறுவனத்தில் பேயரும் மெக்ரைட்டும் 1970 வாக்கில் உருவாக்கிய பி-மரம் ஒரே முனையில் நூற்றுக்கணக்கான எண்களை வைக்கிறது. முனைக்கு 200 எண் என்றால் 2 கோடிப் பெயர்களுக்கு நான்கு மட்டம் போதும். தரவுத்தளங்களில் நாம் ‘இண்டெக்ஸ்’ போடும்போது பெரும்பாலும் உருவாவது இந்த மரம்தான்.