கையில் ஒரு போன் – 7: பாட்டிக்கு வந்த செய்தி

ஆஸ்பத்திரிக்கு வரும் தேதியை நினைவூட்டும் குறுஞ்செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் போகட்டும் என்றதும், பலர் இரண்டையும் ஒரே செய்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆங்கிலம் மட்டும் என்றால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும். ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் மொத்தச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். அதைத் தாண்டினால் 67 எழுத்துகள் கொண்ட துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனியாக எண்ணப்படும். 'முத்தம்மாள்' கண்ணுக்கு ஆறு எழுத்து; கணக்கில் 11.

கண் பரிசோதனைக்கு வர வேண்டிய முத்தம்மாள் பாட்டிக்கு இப்படி எழுதலாம்:

```
முத்தம்மாள், செவ்வாய் ஜூலை 14 காலை 10 மணிக்கு கண் ஆஸ்பத்திரிக்கு வரவும். பழைய சீட்டு கொண்டு வரவும். தேதி மாற்ற: (எண்)
```

பத்து இலக்க எண்ணையும் சேர்த்தால் 122, அதாவது இரண்டு துண்டு. எழுபதுக்குள் அடக்க வேண்டும் என்று இடத்தையோ சீட்டையோ வெட்டுவதை நான் ஏற்க மாட்டேன். 'அன்புள்ள நோயாளிக்கு', 'தங்கள் மேலான கவனத்திற்கு' போன்றவற்றைத்தான் வெட்ட வேண்டும். ஆங்கிலம் தனிச் செய்தியாகப் போகட்டும்:

```
Muthammal: Eye hospital Tue 14 July 10 AM. Bring old prescription. To change call: (எண்)
```

இது 93, ஒரே துண்டு. ஆக மொத்தம் மூன்று. இரண்டையும் ஒட்டி அனுப்பினால் நான்காகிவிடும். காசு ஒருபுறமிருக்க, பாட்டி விரலால் தள்ளித் தள்ளித் தேடவும் வேண்டும். ஆங்கிலச் செய்தி அவருக்காக மட்டும் அல்ல. தமிழ் எழுத்துரு இல்லாத பழைய பட்டன் போனில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். அப்போது பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வார்.

வீட்டில் ஒரே போன் இருக்கும், அது மகன் கையில் இருக்கும். அதனால்தான் பெயர் முதலில். நோயின் பெயரை மட்டும் எழுதக் கூடாது. யார் கண்ணில் படும் என்று தெரியாது. 'நாளை' என்றும் எழுதக் கூடாது. இரவில் வந்த செய்தியை மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு அந்த 'நாளை' ஒரு நாள் தள்ளிப் போய்விடும். கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கட்டும். 07/08 என்று போட்டால் ஜூலையா ஆகஸ்டா என்ற குழப்பம் வரும்.

'வருவதாக இருந்தால் பதில் அனுப்பவும்' என்ற வரி இங்கே பயன்படாது. ஆஸ்பத்திரியின் பெயர்ச்சுருக்கத்தில் வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது. கூப்பிட ஒரு எண் தர வேண்டும். அந்த எண்ணை எடுத்துத் தமிழில் பேச ஆள் இருக்கும் நேரத்தில்தான் செய்தியையும் அனுப்ப வேண்டும். பாட்டி படித்த கையோடு கூப்பிடுவார்.